குட்டையில் இன்னும் 10 ரூபாய்: ஒரு சொல் வேண்டும்

பாடநூல்காரி:
வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான படத்திருத்தப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

மழை விட்ட தெரு, கம்பத்தில் ஒரு டீக்கடைப் பலகை, முன்னால் தேங்கிய தண்ணீர். பலகையில் இருந்த "டீ 10" என்பதை "டீ 12" என்று மாற்றியாயிற்று. தண்ணீரில் இன்னும் 10தான் தெரிகிறது. 1, 0 இரண்டும் கவிழ்ந்தாலும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் நானே முதலில் கவனிக்கவில்லை. பலகையைத் திருத்தியபின் தண்ணீரில் தெரியும் உருவத்தையும் அதற்கேற்ப உருவாக்கும் வேலைக்கு என்ன பெயர் வைக்கலாம்? இப்போதைக்கு "பிரதிபலிப்புத் திருத்தம்" என்று போட்டிருக்கிறேன். வாயில் நுழையவில்லை.

பழைய தமிழாசிரியர்:
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. குறுந்தொகை எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் "ஆடிப் பாவை" என்கிறார். நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடி உருவம். ஆடியில் தெரிவது ஆடிப்பாவை என்றால் நீரில் தெரிவது நீர்ப்பாவை. வேலையின் பெயர் "நீர்ப்பாவை புனைதல்".

இன்னொன்றும் உண்டு. கண்ணின் கருமணியையும் பாவை என்கிறோம், "கருமணியிற் பாவாய்" என்று குறளில் வருகிறதே. ஏன்? எதிரில் நிற்பவருடைய உருவம் குட்டிப் பொம்மையாக அங்கே தெரிவதால்தான் என்பது என் துணிபு. ஆக, பாவை என்ற சொல்லுக்குள்ளேயே எதிரொளிப்பு இருக்கிறது. ஆடி என்ற சொல் ஆடுதல் என்பதிலிருந்து வந்ததா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஃபிளெக்ஸ் கடை:
இதற்கு எதற்கு இவ்வளவு? கண்ணாடியில் தெரிவது இடம் வலமாக மாறித் தெரியும். எங்கள் கடையில் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற ஸ்டிக்கரை அப்படித்தான் திருப்பி வெட்டுகிறோம், "மிரர் போடு" என்றால் பையனுக்குப் புரியும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோக்காரர்:
ஐயா, உங்கள் கதவுக்கு அது சரி. தண்ணீர் படுத்த கண்ணாடி, அதில் மேல் கீழாகும், இடம் வலம் மாறாது. பலகையில் டீ இடப்பக்கம் இருந்தால் குட்டையிலும் இடப்பக்கம்தான். கவிழ்ந்த 2 பார்க்க 5 மாதிரி இருக்கும், ஆனால் 1க்கு வலப்பக்கமே நிற்கும். பையன்கள் செய்கிற முதல் தப்பு, படத்தைக் கவிழ்க்காமல் 180 பாகை சுழற்றிவிடுவது. அப்போது 2 இடப்பக்கம் போய்விடும். இரண்டும் தலைகீழ்தானே என்று விட்டுவிடுவார்கள். ImageMagick கட்டளையில் எழுதினால் வித்தியாசம் தெரியும்:

```
magick palagai.png -flip neeril.png
magick palagai.png -rotate 180 thappu.png
```

அடுத்தது, எந்தக் கோட்டில் மடிப்பது என்பது. எல்லோரும் குட்டையின் ஓரத்தில் மடிக்கிறார்கள். மடிப்பு அங்கே இல்லை, கம்பத்தின் அடியில். அங்கே தரை காய்ந்திருந்தாலும் அப்படித்தான். குட்டையின் நீர்மட்டத்தைக் கம்பம் வரை நீட்டினால் எங்கே தொடுமோ அதுதான் கோடு.

கம்பம் காமிராவிலிருந்து 10 மீட்டர், காமிரா தண்ணீருக்கு மேல் 1.5 மீட்டர், பலகை 2 மீட்டரிலிருந்து 3 மீட்டர் உயரம் வரை என்று வைத்துக்கொள்வோம். காமிராவைச் சாய்க்காமல் எடுத்திருந்தால், படத்தில் பலகையின் கீழ் விளிம்பு கம்பத்தடிக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு கீழே அதன் உருவம் விழும். கணக்குப் போட்டால், அந்த உருவம் தெரிகிற இடம் காமிராவிலிருந்து 3.3 மீட்டருக்கும் 4.3 மீட்டருக்கும் நடுவில். அங்கே தண்ணீர் இருந்தால்தான் பலகை தெரியும். கம்பத்தடியில் எவ்வளவு பெரிய குட்டை இருந்தாலும் பிரயோசனமில்லை. காமிராவைக் கீழே சாய்த்து எடுத்த படமானால் நேர்க்கோடுகள் குவியும். வெறுமனே கவிழ்த்தால் பொருந்தாது, கோணத்தையும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

சொல் எதுவானாலும் "திருத்தம்" வேண்டாம். பழைய உருவத்தைத் திருத்துவதில்லை. அதை அழித்துத் தரையின் நிறத்தை நிரப்பிவிட்டு, புதுப் பலகையிலிருந்து மறுபடி ஆக்குகிறோம். மிதக்கிற இலையையும் கரை விளிம்பையும் மட்டும் பத்திரமாக மேலே வைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் "தெறிப்பு", "விம்பம்". உங்கட புத்தகத்தில் "எதிரொளிப்பு", "பிம்பம்". நான் படிப்பிக்கிற வகுப்பில் நீர்ப்பாவை என்றால் அது ஒரு பிள்ளையின்ர பேர் என்று நினைப்பினம். "விம்ப மீளாக்கம்" என்றால் இரண்டு கரையிலும் விளங்கும். "மீள்" கட்டாயம் வேணும், போட்டோக்காரர் சொன்னது அதுதானே.

பழைய தமிழாசிரியர்:
விம்பமும் பிம்பமும் வடசொல்லே. ஒருவருக்கு ஒருவர் விளங்க வேண்டும் என்று இருவரும் கடன் வாங்குவதா? பாவை வேண்டாமென்றால் "நிழல்" இருக்கிறதே. "தண்ணியில நிழல் தெரியுது" என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். அகரமுதலியிலும் அந்தப் பொருள் உண்டு.

போட்டோக்காரர்:
நிழல் அழகான சொல்தான். ஆனால் இந்தப் பாடத்தில் ஆபத்து. பலகையின் உண்மையான நிழலும் அதே தரையில் விழுகிறது. அது கறுப்பு, சூரியன் இருக்கிற பக்கத்தைப் பொறுத்துச் சாயும். தண்ணீர் உருவம் எப்போதும் நம் பக்கமாக நேரே கீழே வரும். ஒரே பெயர் வைத்தால் மாணவன் இரண்டையும் ஒரே அடுக்கில் போட்டுக் குழப்புவான்.

கறுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற ஒளி அளவில் என் படத்தில் பலகையின் வெள்ளைச் சட்டம் 240, தண்ணீரில் அதே சட்டம் 105. கம்பத்தின் கறுப்பு 20, தண்ணீரில் 60. வெள்ளை மங்கிவிட்டது, கறுப்போ வெளுத்துவிட்டது! தண்ணீர் கொஞ்சம் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. நேர் கீழே பார்த்தால் நூற்றில் இரண்டு பங்கு, படுத்த கோணத்தில் அதைவிடப் பல மடங்கு. அதோடு அடியிலிருக்கும் தாரும் தெரிகிறது. ஆகவே புது எழுத்தின் கறுப்பை 60க்கும் வெள்ளையை 105க்கும் நடுவில் அடக்க வேண்டும். வெறுமனே ஒளியைக் குறைத்தால் வெள்ளை சரியாகும், எழுத்து மட்டும் தார்மேல் ஓட்டை விழுந்த மாதிரி நிற்கும். வேலை பிசகியது அதில்தான் முதலில் தெரியும்.

பாடநூல்காரி:
இரண்டாவது முறை செய்து பார்த்தேன். கம்பத்தடியில் மடித்ததும் உருவம் முன்பு வைத்த இடத்தைவிட நன்றாகக் கீழே இறங்கிவிட்டது, "டீ"யின் சுழியில் பாதி குட்டைக்கு வெளியே போய் வெட்டுப்பட்டது. பழைய படத்தைப் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான் வெட்டுப்பட்டிருக்கிறது! நான்தான் கவனிக்கவில்லை.

சொல்லுக்கு வருவோம். "பிம்ப மீளாக்கம்" என்று போடுகிறேன். தனி மடல்களையும் சேர்த்து நான்கு பேர் சரி என்றார்கள், அதில் இருவர் "சீக்கிரம் முடியுங்கள்" என்பதற்காகச் சொன்னவர்கள். குட்டை என்பது குளத்துக்குத் தம்பியாயிற்றே, தெருப்பள்ளத்துத் தண்ணீரைக் குட்டை என்னலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேசலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சரி. எங்கட பதிப்பில் "வி" போட்டுக்கொள்ளுறன்.

பழைய தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. அடிக்குறிப்பிலாவது நீர்ப்பாவை இருக்கட்டும். ஆடி பற்றிய மடல் நாளை வரும்.

ஃபிளெக்ஸ் கடை:
எல்லாம் சரி, என் கதவு ஸ்டிக்கருக்கு என்ன பேர் என்று யாரும் சொல்லவில்லையே?