பொருள்: ‘நிறத்திருத்தம்’ என்பது சரியான சொல்லா?

செம்பூரிலிருந்து:
அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போனில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். ஆண்ட்ராய்டில் Color correction இருப்பதைப் பார்த்து, பார்வையைத் திருத்தும் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். நிறங்கள்தான் மாறின, எழுத்து அப்படியே மங்கல். ‘நிறத்திருத்தம்’ என்று தமிழாக்கினால் எல்லாருமே என்னைப் போல ஏமாறுவார்கள். வேறு சொல் வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்து:
‘நிறப்பிரிப்பு’ என்று வைத்தால் என்ன? சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் வசதிதானே அது.

முலுண்டிலிருந்து (பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் போன் பழக்குகிறேன்):
பொருள் சரி, சொல் இடிக்கும். ‘நிறப்பிரிகை’ என்று பள்ளியில் முப்பட்டகம் ஒளியைப் பிரிப்பதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இது வேறு: சிவப்பு-பச்சை குழம்புகிறவருக்கு அந்த வேறுபாட்டை அவர் கண் பிடிக்கிற நிறங்களுக்கு நகர்த்துகிறது. அதனால் ‘நிறக்குழப்ப நீக்கம்’ என்கிறேன். நீளம்தான், ஆனால் யாருக்கு என்பது பெயரிலேயே தெரியும்.

செம்பூர் அன்பரே, புரைக்கு இது உதவாது. அதை அணைத்துவிட்டு High contrast text போடுங்கள். எழுத்து கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறி, எதிர்நிறத்தில் விளிம்பு கட்டும். சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து இருந்த இடங்களில் வித்தியாசம் உடனே தெரியும். படமாக வரும் ‘காலை வணக்கம்’ செய்திகளில் மட்டும் ஒன்றும் மாறாது, அதைப் பார்த்து அமைப்பு வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள்.

தாராவியிலிருந்து:
என் மாமாவுக்குத் திரையில் இருப்பதைப் பேசிச் சொல்லும் TalkBack போட்டுக்கொடுத்தேன். தொட்டால் பேசுகிறது, திறக்க மாட்டேன் என்கிறது. போன் கெட்டுப்போச்சு என்று கடைக்கே போய்விட்டார்!

முலுண்டிலிருந்து:
கெடவில்லை. ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இரண்டு முறை சட்டென்று தட்டினால்தான் திறக்கும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். குறுக்குவழியை முன்பே இயக்கி வைத்திருந்தால், ஒலிப் பொத்தான் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் அணைந்துவிடும். போனைக் கையில் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

செம்பூரிலிருந்து:
TalkBack போன்ற வசதிக்கும் ஒரு சொல் தேடுகிறேன். ‘திரைவாசிப்பான்’ என்றேன். “யார்டா அவன்?” என்றார் அம்மா. பேசியது பெண் குரல் வேறு.

மாட்டுங்காவிலிருந்து:
‘திரைவாசி’?

முலுண்டிலிருந்து:
கிராமவாசி போலத் திரையில் குடியிருப்பவர் ஆகிவிடுவார். கதைசொல்லி போல ‘திரைசொல்லி’ வைக்கலாம். உண்மையில் அது வாசிப்பதைவிடச் சொல்வதுதான் அதிகம்: பொத்தான், பட்டியல், எந்த இடத்தில் விரல் இருக்கிறது என்று.

தாராவியிலிருந்து:
‘திரைசொல்லி’க்கு என் ஓட்டு. ‘நிறக்குழப்ப நீக்கம்’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை. குழப்பம் கண்ணில் இருக்கிறது, அதைப் போன் நீக்கவில்லையே.

செம்பூரிலிருந்து:
அதுவும் நியாயம். ‘நிறவேறுகாட்டி’ என்று ஒன்றை யோசித்தேன், நாளை அம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். விளிம்பு கட்டிய எழுத்தில் பால்காரர் அனுப்பிய கணக்கை இன்று தானாகவே படித்துவிட்டார்.