எடையா, நிறையா, ஈடா? கிளைக்கு இடம் பார்க்கும் அட்டவணைக்கு ஒரு பெயர்

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். சேலத்துச் சிறு வணிகர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளைக்கடைக்கு இடம் பார்ப்பது பற்றிய பாடத்தில் ‘வெயிட்டட் டெசிஷன் மேட்ரிக்ஸ்’ வருகிறது. ‘எடையிட்ட முடிவு அணி’ என்று எழுதிப் பயிற்சியில் படித்துக் காட்டினேன். “முடிவு அணின்னா பைனலுக்கு வந்த டீமுங்களா?” என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

பாடத்தில் உள்ள கணக்கையும் தருகிறேன். ஏற்காட்டில் காபித்தூளும் மிளகும் விற்கும் ஒருவர் சேலத்தில் கிளை போட மூன்று இடம் பார்த்திருக்கிறார்.

| இடம் | மாத வாடகை (ரூ.) | மாலையில் மணிக்குக் கடப்பவர்கள் | வந்துபோகும் வசதி (100-க்கு) |
|---|---|---|---|
| ஐந்து ரோடு | 48,000 | 600 | 40 |
| அஸ்தம்பட்டி | 44,000 | 360 | 80 |
| செவ்வாய்ப்பேட்டை | 40,000 | 300 | 30 |

ஒவ்வொரு பத்தியிலும் நல்லதற்கு 100, மோசமானதற்கு 0, நடுவில் இருப்பதற்கு விகிதப்படி. செலவுக்கு 50, நடமாட்டத்துக்கு 30, வசதிக்கு 20 என்று எடை கொடுத்தார். பெருக்கிக் கூட்டினால் அஸ்தம்பட்டி 51, செவ்வாய்ப்பேட்டை 50, ஐந்து ரோடு 34. இந்த அட்டவணைக்கும் அதிலுள்ள ‘வெயிட்’, ‘புட்ஃபால்’, ‘ஆக்சஸ்’ ஆகியவற்றுக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும்.

கதிர்:

செல்வி அக்கா, ‘முக்கியத்துவ அட்டவணை’ என்று வைத்துவிடலாம். வெயிட் என்பது எது எவ்வளவு முக்கியம் என்பதுதானே? மொத்தம் 100 வருவதால் அப்படியே சதவீதம்தான். விரிதாளில் எடைகளை இரண்டாம் வரிசையிலும், 0 முதல் 100 வரையான மதிப்பெண்களை ஐந்தாம் வரிசையிலிருந்தும் போட்டுவிட்டால் ஒரு சூத்திரம் போதும்:

```
=SUMPRODUCT($B$2:$D$2,B5:D5)/100
```

இன்னொன்று, மூன்று இடம் குறைவு. கொண்டலாம்பட்டிப் பக்கம் 20,000 ரூபாய்க்கே கடை கிடைக்கும். நடமாட்டமும் வசதியும் செவ்வாய்ப்பேட்டை அளவுக்கு என்று வைத்து அதையும் சேருங்கள். இடம் கூடக்கூட விடை துல்லியமாகும்.

பாண்டியன்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். எங்கள் பேட்டைக்கு வசதி 30 என்று போட்டதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எங்களிடம் சரக்கு எடுக்க வருகிறவர் வெளியூர்க்காரர். கடை சந்துக்குள் இருந்தாலும் தேடி வருவார். தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று நான் எண்ணியதே இல்லை. வெள்ளியை உருக்க, பற்ற வைக்க, மெருகு போட எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டியது. போன வருடம் பெரிய ரோட்டில் இன்னொரு கடை போடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் செய்தது சரிதானே?

ராமலிங்கம்:

பாண்டியன், நீங்கள் செய்தது சரி. ஆனால் செல்வி கேட்பது சில்லறைக் கடைக்கு. காபித்தூள் வாங்குகிறவர் அரைத்த வாசனையில் நின்று கால் கிலோ வாங்கிப் போகிறவர். அவருக்குத் தெரு முக்கியம், உங்களுக்குத் தொழிலாளி முக்கியம். அதனால் உங்கள் அட்டவணையில் பத்திகளே வேறாக இருக்கும்.

கதிர் தம்பி, ‘முக்கியத்துவம்’ என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. சொல் அழகு பற்றிய பிரச்சினையில்லை இது. அந்தச் சொல்தான் செல்வியின் கணக்கைக் கெடுத்திருக்கிறது. “உங்களுக்கு எது முக்கியம்?” என்று கேட்டால் எந்த வியாபாரியும் செலவு என்றுதான் சொல்வார். உடனே 50 போட்டுவிட்டோம். ஆனால் இங்கே வாடகையில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடைவெளி வெறும் 8,000 ரூபாய். நடமாட்டத்தில் இடைவெளி மணிக்கு 300 பேர். அந்த 8,000 ரூபாய்க்கு 50 புள்ளி, 300 பேருக்கு 30 புள்ளி என்றல்லவா ஆகிவிட்டது? செவ்வாய்ப்பேட்டையைப் பாருங்கள். நடமாட்டத்திலும் வசதியிலும் கடைசி. வாடகை குறைவு என்ற ஒன்றை வைத்தே 50 வாங்கி முதலிடத்தைத் தொட்டு நிற்கிறது. ஒரே பத்தியின் தயவில் ஓர் இடம் மேலே வந்தால், அந்த எடையைச் சந்தேகப்பட வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “மூன்றிலும் மோசமான நிலையில் ஒரு கடை உங்களுக்கு வாய்த்திருக்கிறது. வாடகை 48,000, மணிக்கு 300 பேர், வசதி 30. இதில் ஒன்றை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளலாம். வாடகையை 40,000 ஆக்கலாம், அல்லது ஆட்களை 600 ஆக்கலாம், அல்லது வசதியை 80 ஆக்கலாம். எதை முதலில் எடுப்பீர்கள்?” முதலில் எடுப்பதற்கு 100 கொடுங்கள். மற்ற இரண்டும் அதில் எவ்வளவு பெறும் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். பிறகு மூன்றையும் கூட்டி 100-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாலாவது இடம் சேர்த்தால் துல்லியம் கூடும் என்பதையும் சோதித்துப் பார்த்தேன். பழைய எடையிலேயே கொண்டலாம்பட்டியைச் சேர்த்தால் வாடகை இடைவெளி 28,000 ஆகிறது. மற்ற இரண்டிலும் கடைசியாக இருந்தும் அது 50 வாங்கி முதலில் வந்துவிடுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அஸ்தம்பட்டி 51-லிருந்து 33-க்கு இறங்கி, 34 வாங்கிய ஐந்து ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. அந்த இரண்டு இடத்திலும் ஒரு செங்கல்கூட நகரவில்லை. அளவுகோலின் நுனியைப் பட்டியலில் உள்ள இடங்களே தீர்மானிப்பதால் வரும் கோளாறு இது. இடம் பார்க்கக் கிளம்பும் முன்பே, இவ்வளவு வாடகைக்கு மேல் முடியாது, இவ்வளவுக்குக் கீழே கிடைக்காது என்று இரண்டு நுனியையும் கட்டிவைத்துவிட வேண்டும். அப்புறம் எத்தனை இடம் சேர்த்தாலும் பழையவற்றின் மதிப்பெண் அசையாது.

பெயருக்கு வருகிறேன். புள்ளியியல் பாடநூல்களில் ‘நிறையிட்ட’ என்பார்கள். ஆனால் அணியில் குறுக்கு வரிசைக்கு ‘நிரை’ என்று பெயர். வகுப்பில் “நிரையின் நிறை” என்று சொல்லிப் பாருங்கள், கரும்பலகை இல்லாமல் புரியவைக்க முடியாது. அதனால் ‘எடையிட்ட’ மேல். ‘தேர்வு அட்டவணை’ என்று மட்டும் விட்டால் பரீட்சைத் தேதி என்று நினைப்பார்கள், ‘இடத்தேர்வு’ என்றால் குழப்பமில்லை. எனவே ‘எடையிட்ட இடத்தேர்வு அட்டவணை’. உள்ளே வரும் எண்ணுக்கு ‘ஈடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். 300 பேருக்கு எத்தனை ரூபாய் ஈடு என்பதைத்தானே அது சொல்கிறது?

கதிர்:

ஐயா, நீங்கள் சொன்னபடி நாலாவது இடத்தைப் போட்டுப் பார்த்தேன், வரிசை மாறத்தான் செய்கிறது. ‘முக்கியத்துவ’த்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘அட்டவணை’ வேண்டாம், ‘அணி’யே இருக்கட்டும். எடை வரிசையை மதிப்பெண் அணியோடு பெருக்குகிறோம், அது கணக்கிலுள்ள அணிப் பெருக்கலேதான். ‘அட்டவணை’ என்றால் பேருந்து நேரம் எழுதிய பலகை மாதிரி தோன்றுகிறது. கல்லூரி மாணவருக்கும் இந்தக் கையேடு போகுமானால் ‘அணி’ உதவும்.

பாண்டியன்:

ஐயா, ‘ஈடு’ எங்கள் கடைத்தெருவில் வேலைக்காகாதுங்க. ஈடு என்றால் அடகு. “கொலுசை ஈடு வைத்தேன்” என்றுதான் பேசுவோம். இடத்துக்கு ஈடு எவ்வளவு என்று கேட்டால், பத்திரத்தை எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்பார்கள். எங்களுக்கு ‘வெயிட்’ போதும். தமிழில்தான் வேண்டும் என்றால் ‘எடை’யே சொல்லுங்கள், தராசு பிடிக்கிறவனுக்கு அது புரியும்.

செல்வி:

ராமலிங்கம் ஐயா, நீங்கள் சொன்ன கேள்வியை ஏற்காட்டுக்காரரிடம் அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். முதலில் ஆட்களை 600 ஆக்கிக்கொள்வேன் என்றார். அதற்கு 100 என்றால் வசதிக்கு 60, வாடகைக்கு 40. செலவுக்கு 50 போட்ட அதே மனிதர்தான். நூற்றுக்கு மாற்றினால் நடமாட்டம் 50, வசதி 30, செலவு 20. இப்போது ஐந்து ரோடு 56, அஸ்தம்பட்டி 50, செவ்வாய்ப்பேட்டை 20.

ஐந்து ரோடுதான் என்று எழுதப் போனபோது அவரே தடுத்தார். அங்கே 600 பேர் என்று எண்ணியது சாலையின் இரண்டு பக்கமும் சேர்த்து. பாதிப் பேர் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். வண்டிகளில் ஒரு பங்கு மேம்பாலத்திலேயே போய்விடும், கீழே இறங்காது. அஸ்தம்பட்டியிலும் இதுபோல ஒரு சிக்கல் இருக்கிறது. சனி, ஞாயிறில் ஏற்காட்டுக்கு ஏறி இறங்கும் கூட்டம் கோரிமேடு வழியாக அந்தப் பக்கமே வருகிறது. ஆனால் இறங்கி வருகிறவர் மலையிலேயே காபித்தூள் வாங்கிப் பையில் வைத்திருப்பார். அவரை வாடிக்கையாளராக எண்ண முடியாது.

‘புட்ஃபால்’ என்ற சொல்லுக்கும் இதிலேயே விடை கிடைத்தது. அது கடைக்குள் நுழைகிறவர் எண்ணிக்கை. இன்னும் திறக்காத கடைக்கு அதை எப்படி எண்ணுவது? தெருவில் கடப்பவரைத்தான் எண்ண முடியும். எனவே ‘ஆள்வரத்து’ என்று எழுதாமல் ‘நடமாட்டம்’ என்றே எழுதுகிறேன். கடையின் பக்கத்து நடைபாதையில் மட்டும், வேலை நாளில் ஒரு மாலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலை என்று தனித்தனியாக எண்ணச் சொல்லியிருக்கிறேன். கையில் கடைப்பை வைத்திருப்பவரை வேறு கோட்டில் குறிக்கச் சொன்னேன்.

ராமலிங்கம்:

எண்ணி வரட்டும், அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 56-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் உறுதியானதில்லை. நடமாட்டத்தின் எடையை 50-லிருந்து 45 ஆக்கி, அந்த 5-ஐ வசதிக்குக் கொடுத்துப் பார்த்தேன். அஸ்தம்பட்டி 54, ஐந்து ரோடு 52 என்று திரும்பிவிட்டது. 50-க்கும் 45-க்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கடைக்காரராலும் மனத்துக்குள் பிரித்துச் சொல்ல முடியாது. புதிய எண்ணிக்கையில் 600 குறைந்தால் இடைவெளியும் குறையும். அப்போது பழைய எடையை அப்படியே வைத்துக்கொள்ளக்கூடாது, அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்க வேண்டும்.

‘ஈடு’ அடகு என்பதைப் பாண்டியன் சொன்னபின் அதை வற்புறுத்தவில்லை. ஆனால் ‘எடை’ என்று மட்டும் எழுதினால், முக்கியத்துவம் என்றே மறுபடியும் புரிந்துகொள்வார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. ‘இடைவெளி எடை’ என்று எழுதினால் என்ன?

செல்வி:

தலைப்பில் ‘எடையிட்ட இடத்தேர்வு அட்டவணை’ என்று போடுகிறேன். கதிர் கேட்டதற்காகக் கல்லூரிப் பதிப்பில் மட்டும் ‘அணி’. ‘இடைவெளி எடை’யைப் பாடத்துக்குள் ஒருமுறை எழுதி, அடுத்த பயிற்சியில் சொல்லிப் பார்க்கிறேன். ‘ஆக்சஸ்’ இன்னும் பாக்கி. ‘வந்துபோகும் வசதி’ நீளமாக இருக்கிறது, ‘அணுகல்’ என்றால் கணினி நினைவு வருகிறது. வண்டி நிறுத்தம், பேருந்து நிறுத்தத்திலிருந்து தூரம், ஏற்காட்டு வேன் மூட்டை இறக்கும் இடம் எல்லாம் அந்த ஒரே 100-க்குள் இருக்கின்றன. அதை மூன்று பத்தியாகப் பிரிக்கலாமா, பிரித்தால் வசதிக்கே எடை கூடிப்போகுமா என்று யாராவது சொல்லுங்கள்.