ஆன்லைனில் விற்பவர்களே, ஆர்டர் ரத்து விகிதத்தில் மாட்டிய அனுபவம் உண்டா?

கரூர் ஜமக்காளம்:
ஆடித் தள்ளுபடி வாரம். நீலப் பூப்போட்ட டபுள் பெட்ஷீட், திரையில் இருப்பு 3 என்று காட்டியது. ராத்திரி மூன்று ஆர்டர் விழுந்தது. காலையில் அலமாரியைத் திறந்தால் ஒன்றுதான் கிடக்கிறது. மீதி இரண்டையும் முந்தின நாள் கடைக்கு வந்தவருக்குத் தம்பி கொடுத்துவிட்டான். இருப்பைக் குறைக்கவில்லை. இரண்டையும் ரத்து செய்தேன். அன்றைக்கே இன்னொருவர், "வேண்டாம், மாற்றி வாங்கிக்கொள்கிறேன்" என்று மெசேஜ் போட, அதையும் நானே ரத்து செய்தேன். அந்த வாரம் மொத்தம் 38 ஆர்டர். மூன்று ரத்து என்றால் கிட்டத்தட்ட 7.9 சதவீதம். நான் விற்கும் தளத்தில் வரம்பு 2.5. எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது என் தப்பா, சொல்லுங்கள்?

திருப்பூர் பனியன்:
எனக்கு ரத்து பிரச்சினையே இல்லை, தாமதம்தான். அதற்கும் வழி இருக்கிறது. லேபிள் அடித்தவுடனே 'அனுப்பியாச்சு' என்று அழுத்திவிடுவேன். இன்றுவரை தாமதக் கணக்கு சுத்தம்.

மதுரை சுங்குடி:
திருப்பூர் தம்பி, அதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். நானும் செய்து பார்த்தவள்தான். கூரியர் பையன் இரண்டு நாள் கழித்து எடுத்தான். முதல் ஸ்கேன் அன்றைக்குத்தான் விழுந்தது. வாங்கிய அம்மா அதற்குள் நான்கு முறை "எங்கே என் சேலை?" என்று கேட்டுவிட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். தாமதத்தில் தப்பித்தது குறைபாட்டுக் கணக்கில் வந்து நின்றது.

கரூர் அண்ணா, வாரத்துக்கு 40 ஆர்டருக்குக் கீழே என்றால் ஒரே ஒரு ரத்தே 2.5ஐத் தாண்டிவிடும். அதனால் கடையிலும் விற்கும் சரக்கில் கையில் ஐந்து இருந்தால் மூன்று என்று மட்டும் போடுங்கள். வாங்கியவர் வேண்டாம் என்றால், அவருடைய ஆர்டர் பக்கத்திலேயே ரத்துக் கோரிக்கை கொடுக்கச் சொல்லுங்கள். அப்படி வந்தால் பெரும்பாலும் நம் கணக்கில் ஏறாது. பொங்கலுக்குக் கடை மூடுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே விற்பனையை நிறுத்துங்கள், கடைசி நாள் வந்த ஆர்டரையும் அனுப்பியாக வேண்டுமே. அனுப்பும் அவகாசத்தை ஒரு நாளிலிருந்து இரண்டாக்கினேன். தாமதம் நின்றது, ஆனால் டெலிவரி தேதி தள்ளித் தெரிவதால் விற்பனை கொஞ்சம் குறைந்தது. அதை இன்னும் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

சேலம் வெள்ளி:
எனக்கு வாங்கியவர்களே பாதியைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதுவும் இதில் சேருமா?

மதுரை சுங்குடி:
அது வேறு கணக்கு அண்ணா. தனி இழையாகப் போடுங்கள்.

திருப்பூர் பனியன்:
அக்கா, என் கூரியர் தினமும் மாலை 5 மணிக்கு வந்துவிடுவார். அவர் வராத நாள் வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

கரூர் ஜமக்காளம்:
அந்த மெசேஜைப் படம் பிடித்து மேல்முறையீடு போட்டிருக்கிறேன். நான்கு நாளாகிறது. தம்பிக்கு அலமாரிச் சாவியை இப்போது கொடுப்பதில்லை.