‘வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு’: சொல் சரிதானா?

கையேட்டைத் தமிழாக்குபவர்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நோயாளிகளுக்கான கையேடு ஒன்றில் ‘அப்டாமினல் அயோர்டிக் அனியூரிசம்’ என்பதை ‘வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்’ என்று எழுதியிருந்தேன். நாற்பது ஆண்டுகளாகப் பீடி புகைத்துவரும் 67 வயதுக்காரர் ஒருவர், சிறுநீர்த் தொல்லைக்காக ஸ்கேன் எடுத்தபோது தமனி 4.3 செ.மீ. விரிந்திருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. கையேட்டைப் படித்த அவர், “வீக்கம் வடிய மாத்திரை கொடுங்கள்” என்று கேட்டாராம். சுவர் தளர்ந்து விரிந்துவிட்ட குழாயைச் சுருக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்பதால், அச்சொல்லை நீக்கிவிட்டு ‘நாளப் புடைப்பு’ என்று வைக்கலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘புடைப்பு’ நல்ல சொல்; ஓரிடம் மட்டும் எழும்பி நிற்பதை அது காட்டுகிறது. ஆயினும் 5.5 செ.மீ. வரை அறுவை தேவையில்லை என்று மருத்துவர்களே சொல்லும்போது, அதற்குக் குறைந்ததை நோய்ப்பெயரால் அழைத்து முதியவரை அச்சுறுத்துவானேன்? ‘விரிவு’ என்றாலே போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்

‘நாளம்’ என்பதில் எங்களுக்குச் சிக்கல் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். ஆகவே ‘நாளப் புடைப்பு’ என்றால் நீங்கள் சிரை என்பதைத்தான் நாங்கள் நினைப்போம். ‘பெருநாடிப் புடைப்பு’ என்றால் இங்கே குழப்பமில்லை.

உறுப்பினர் ஒருவர்

எனக்கும் கெண்டைக்காலில் நரம்பு புடைத்து நெளிந்துகொண்டிருக்கிறது. நானும் 5.5 செ.மீ. ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா?

கதிரியக்க மருத்துவர்

கால் பற்றிக் கேட்டவருக்கு முதலில்: உங்களுக்கு இருப்பது தோலுக்கடியிலுள்ள சிரைச் சுருட்டாக இருக்கலாம், அதற்கும் இந்த அளவுகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் ‘நாளம்’ ஏன் கூடாது என்பதை உங்கள் கேள்வியே காட்டிவிட்டது.

ஆசிரியர் ஐயா சொல்வது பாதி சரி. ஏறத்தாழ 2 செ.மீ. இருக்கவேண்டிய தமனி 3 செ.மீ.யைத் தொட்டதுமே இப்பெயரைப் பெறுகிறது, 5.5 என்பது அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கும் அளவு, அதுவும் ஆண்களுக்கு. பெண்களுக்குச் சிறிய அளவிலேயே வெடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் 5 செ.மீ.யிலேயே பேசுவதுண்டு. புடைப்பு இருப்பதாகத் தெரிந்தவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும்வலி வந்தால், எந்த அளவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறும் ‘விரிவு’ என்று எழுதினால் அவர் அடுத்த ஸ்கேனுக்கே வராமல் போகலாம்.

பிரித்தானியத் திட்டத்தின்படி 3 முதல் 4.4 வரை ஆண்டுக்கு ஒருமுறையும், 4.5 முதல் 5.4 வரை மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் ஸ்கேன் செய்கிறார்கள். அமெரிக்க ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டி, 4 முதல் 4.9 வரை ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது. பீடிக்காரர் இரண்டின்படியும் ஓராண்டு கழித்து வரவேண்டியவர். அவர் அப்படியே வேறொரு நிலையத்திற்குச் சென்றபோது 4.7 என்று அறிக்கை வந்தது. ஓராண்டில் 4 மி.மீ. வளர்ந்துவிட்டதென்று வீடே கலங்கியது.

இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் நிலையத்தில் உட்சுவரிலிருந்து உட்சுவருக்கும், இரண்டாவதில் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கும் அளவுகோலை வைத்திருந்தார்கள். நானே மீண்டும் ஸ்கேன் செய்து, முதல் நிலையத்தின் முறையிலேயே முன்பின்னாக அளந்தபோது 4.4 வந்தது. உண்மையான வளர்ச்சி 1 மி.மீ. மட்டுமே, இடைவெளியை மாற்றத் தேவையில்லை. பீடியை விட்டால் வளரும் வேகம் குறையும் என்று அவரிடம் சொன்னேன். பாதியாகக் குறைத்திருப்பதாகச் சொல்கிறார், சட்டைப்பையில் கட்டு தெரிகிறது.

எனவே ‘விட்டம்’ என்று மட்டும் எழுதாமல், ‘உட்சுவர் விட்டம்’, ‘வெளிச்சுவர் விட்டம்’ என்ற இரு சொற்களையும் கையேட்டில் சேர்க்க வேண்டுகிறேன். புடைப்புக்குப் பெயர் தேடுவதைவிட இதுவே அவசரம் என்பது என் எண்ணம்.

கையேட்டைத் தமிழாக்குபவர்

நன்றி, டாக்டர். இரு விட்டங்களையும் சேர்த்துவிட்டேன். தலைப்பில் ‘வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு’ என்றும், இலங்கைப் பதிப்பில் ‘வயிற்றுப் பெருநாடிப் புடைப்பு’ என்றும் இருக்கும். ‘கண்காணிப்பு’ என்ற சொல் போலீஸ் வேலைபோல ஒலிப்பதால் ‘தவணை அளவீடு’ என்று எழுத நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்

எங்களுக்குத் தவணை என்றால் பள்ளிக்கூடத் தவணைதான் முதலில் நினைவுக்கு வரும், ஆண்டுக்கு மூன்று. ஓராண்டு இடைவெளியில் வரவேண்டியவர் நான்கு மாதத்தில் வந்து நிற்பார். வேறு சொல் பார்க்கலாமா?