வட்ஸ்அப்பில் பகிரப்படும் லிங்க்குகளை எப்படி அளப்பது? கூகுள் அனலிட்டிக்ஸில் பாதிக்கு மேல் "direct" என்றே வருகிறது

மருதமுனைத்தறி

எங்கள் வீட்டில் நாலு கைத்தறி ஓடுகிறது. சாரியும் சாறனும் நெய்கிறோம். போன வருடக் கடைசியில் ஒரு இணையத்தளம் செய்தேன். ஓடர் எல்லாம் போனிலும் வட்ஸ்அப்பிலும்தான் வரும், தளத்தில் படமும் விலையும் மட்டும். பேஸ்புக்கில் சின்ன விளம்பரமும் போடுகிறேன்.

போன மாதம் தளத்துக்கு 640 வருகை. அதில் 410 வருகைக்கு `(direct) / (none)` என்று இருக்கிறது. வாப்பா ஒரே கேள்விதான் கேட்கிறார்: "விளம்பரத்துக்குக் காசு கட்டுறோம், அதால எத்தனை பேர் வந்தாங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் போன் எடுக்கிறவர்கள் "மச்சாள் ஒரு லிங்க் அனுப்பினா", "எங்கட குரூப்பில வந்தது" என்கிறார்கள். அது எந்த அறிக்கையிலும் இல்லை.

இன்னொன்று. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்குப் பிறகு, 12ஆம் இலக்கச் சாரியின் பக்கத்துக்கு மட்டும் 70 பேர் வந்தார்கள். பெரும்பாலும் கட்டாரிலிருந்து. அதுவும் direct. அன்று நான் எதுவும் போடவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

கல்லடிப்பாலம்

தங்கச்சி, direct என்று வருவது எல்லாம் வட்ஸ்அப்தான். வட்ஸ்அப் செயலியில் லிங்க்கைத் தட்டினால், எங்கிருந்து வந்தார் என்ற தகவல் தளத்துக்குப் போகாது. அதனால் கூகுள் அதை direct என்று எழுதிவிடும். 410ஐ அப்படியே வட்ஸ்அப் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாப்பாவிடம் விளம்பரத்தை நிறுத்தலாம் என்று சொல்லுங்கள்.

பாசிக்குடா_விடுதி

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் புள்ளிவிபரம் என்று ஒரு இடம் இருக்கிறதே, பார்த்தீர்களா? எத்தனை செய்தி அனுப்பினோம், எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை வாசிக்கப்பட்டது எல்லாம் காட்டும். நாங்கள் அதைத்தான் பார்க்கிறோம். எங்கள் பிரச்சினை வேறு: அறை கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பதில் போட்டதும் காணாமல் போகிறார்கள். அதை எப்படி அளப்பது என்று யாராவது சொன்னால் நல்லது.

மருதமுனைத்தறி

அண்ணா, அது நான் அனுப்பும் செய்திக்குத்தான் கணக்குக் காட்டும். எனக்குத் தெரிய வேண்டியது, ஒரு வாடிக்கையாளர் இன்னொருவருக்கு அனுப்புவது. அதில் என் போனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அக்கரைப்பற்றான்

கல்லடிப்பாலம் அண்ணன் சொன்ன காரணம் சரி. எண்ணிக்கை இரண்டு பக்கமும் பிழை. அந்த 410க்குள் வட்ஸ்அப் அல்லாதவையும் இருக்கும்: தளத்தின் பெயரைத் தட்டி வந்தவர்கள், உங்கள் வீட்டுப் போன்கள், சில தானியங்கி நிரல்கள். அதே நேரம் உண்மையான வட்ஸ்அப் வருகை சில அதற்கு வெளியேயும் இருக்கும். போன வாரம் பேஸ்புக் விளம்பரத்தால் வந்த ஒருவர் இன்று தன் தங்கச்சி அனுப்பிய லிங்க்கில் வந்தால், கூகுள் அதை பேஸ்புக் கணக்கில்தான் சேர்க்கும். முன்பு தெரிந்த வழி ஒன்று இருந்தால் direct என்று எழுதாது.

முதலில் இதைச் செய்யுங்கள். `Landing page` அறிக்கையைத் திறந்து `(direct) / (none)` மட்டும் வடிகட்டுங்கள். முகப்புக்கு வந்தவர்களைத் தனியாக வையுங்கள், உள்பக்கங்களுக்கு நேரே வந்தவர்களைத் தனியாக வையுங்கள். சாரி 12இன் முகவரியை யாரும் விரலால் தட்டி வரமாட்டார்கள். யாரோ கொடுத்த லிங்க்கில்தான் பெரும்பாலும் வந்திருப்பார்கள். சிலர் சேமித்து வைத்துத் திரும்பி வருவார்கள், அதனால் முதல்முறை வருபவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் நம்பலாம்.

அப்புறம், ஒவ்வொரு சாரிக்கும் கீழே பகிரும் பொத்தான் இருக்கிறதா?

மருதமுனைத்தறி

வடிகட்டிப் பார்த்தேன் காக்கா. முகப்பு 150, உள்பக்கம் 260. முகப்பில் வந்ததில் எங்கள் வீட்டுப் போன்கள் நிறைய இருக்கும், வாப்பா தினமும் திறந்து பார்ப்பார்.

பொத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வந்தவர்கள் `whatsapp / (not set)` என்று தெரிகிறார்கள். நான் இரண்டும் எழுதித்தான் வைத்தேன்:

```
https://wa.me/?text=https://example.com/saree-12?utm_source=whatsapp&utm_medium=button
```

அக்கரைப்பற்றான்

பிழை அந்த `&` இல். அது வந்தவுடன் வட்ஸ்அப் `text` முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் இருப்பது செய்திக்குள் போகவே இல்லை. உங்கள் போனிலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள், லிங்க் `whatsapp` என்ற சொல்லோடு நின்றுவிடும். லிங்க் முழுவதையும் குறியீடாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்:

```
https://wa.me/?text=https%3A%2F%2Fexample.com%2Fsaree-12%3Futm_source%3Dwhatsapp%26utm_medium%3Dbutton
```

கையால் எழுதத் தேவையில்லை, `encodeURIComponent()` செய்துவிடும்.

ஆனால் பொத்தானை நம்பி நிற்காதீர்கள். எங்கள் ஆட்கள் பகிர்வது பெரும்பாலும் மேலே இருக்கும் முகவரியைப் பிடித்துப் பிரதி எடுத்துத்தான். அதில் அந்த அடையாளம் இருக்காது. அதைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. உங்கள் தளம் இருக்கும் சேவையகத்தின் பதிவுக் கோப்பு கிடைக்குமா? cPanel என்றால் `Raw Access` என்ற இடத்தில் இருக்கும். சில இடங்களில் பழையதை அழித்துவிடுவார்கள், இன்றைக்கே இறக்குங்கள்.

வட்ஸ்அப்பில் லிங்க்கை ஒட்டியதும் படமும் தலைப்பும் சின்னப் பெட்டியாக வரும் அல்லவா? அதற்காக, அனுப்புகிறவரின் வட்ஸ்அப் உங்கள் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கும். கூகுளுக்கு அது தெரியாது, ஏனென்றால் அங்கே நிரல் ஓடுவதில்லை. ஆனால் சேவையகம் எழுதி வைக்கும், அந்த வரியில் `WhatsApp/` என்று இருக்கும். இப்படி எண்ணலாம்:

```
grep "WhatsApp/" access.log | grep "GET /saree-12[ ?]" | wc -l
```

இது எண்ணுவது ஒட்டிய தடவைகளை. ஒட்டிவிட்டு அனுப்பாமல் விட்டாலும் வரி விழும். ஆனால் வந்த செய்தியை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால் புது வரி விழாது, படப்பெட்டியும் செய்தியோடு சேர்ந்தே போய்விடும். அதனால் இந்த எண் பகிர்வின் தொடக்கத்தைக் காட்டும், பரவலைக் காட்டாது.

மருதமுனைத்தறி

காக்கா, கோப்பு கிடைத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாரி 12க்கு ஒரே ஒரு `WhatsApp/` வரி. இரவு 8.52க்கு. அதற்குப் பிறகுதான் அந்த 70 பேர்.

என் ஓடர் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அன்று பின்னேரம் கூரியரில் அதே சாரி சாய்ந்தமருதில் ஒரு ராத்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன் எடுத்துக் கேட்டேன். சாரியை உடுத்திப் படம் எடுத்து, எங்கள் லிங்க்கையும் சேர்த்து, தங்கச்சியின் கல்யாணத்துக்கு வைத்த குடும்பக் குரூப்பில் போட்டாவாம். அதில் பாதிப் பேர் கட்டாரில். அந்த வாரம் அதே நிறத்தில் ஆறு சாரி ஓடர் வந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு மாதமாக நான் தேடியது ஒரே ஒரு ஆள்.

அக்கரைப்பற்றான்

நல்ல வேலை செய்தீர்கள். கொப்பியும் பதிவுக் கோப்பும் ஒன்றாக இருந்ததால்தான் பிடிபட்டது. ஒன்று மட்டும்: அந்த வரியில் இருக்கும் ஐபி இலக்கம் அனுப்பியவருடையது. அதை வைத்து யார் என்று தேடப் போகாதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, பின்தொடர்வது வேறு.

முழு மாதத்துக்கும் எண்ணும்போது பட வரிகளை விட்டுவிடுங்கள், படத்தையும் அது தனியாக எடுக்கும். முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டுகிறவர்களால் `/sa`, `/sare` என்று உடைந்த வரிகளும் விழும். அவற்றையும் கழியுங்கள்.

படுவான்கரை

நான் வவுணதீவில் தயிர் விற்கிறேன், தளம் எல்லாம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லிங்க்கே இல்லாமல் வாயால் சொல்லி வருகிற ஆட்களை இந்தக் கோப்பு எப்படிக் காட்டும்? என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் யாரோ வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான்.

அக்கரைப்பற்றான்

காட்டாது. அதற்குக் கேட்பது ஒன்றே வழி. கேட்கும் விதம்தான் முக்கியம். "பேஸ்புக்கா, கூகுளா, நண்பரா?" என்று பட்டியல் வாசித்தால் முதலில் சொன்னதையே ஆம் என்பார்கள். "எங்களைப் பற்றி முதல்ல எப்படித் தெரிஞ்சது?" என்று திறந்து கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். கூகுள் சேர்ச் கன்சோலில், உங்கள் கடைப் பெயரைத் தேடியபோது தளம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்றும் பாருங்கள். வாயால் கேட்டவர் பெயரைத்தான் தேடுவார், அதுவும் பிழையான எழுத்தில்.

மருதமுனைத்தறி

ஒரு மாதம் கேட்டு எழுதினேன். 46 ஓடர். 19 பேருக்கு உறவினரோ நண்பரோ அனுப்பியிருக்கிறார்கள் அல்லது சொல்லியிருக்கிறார்கள். 11 பேர் யாரோ உடுத்தியிருந்ததைப் பார்த்து விசாரித்து வந்தவர்கள். பேஸ்புக் என்று 8 பேர். மிச்சம் 8 பேருக்கு ஞாபகம் இல்லை.

அந்த 11 பேரைப் பார்த்துத்தான் வாப்பா அசந்துபோனார். "கல்யாண வீட்டில கண்டன்" என்ற சொல் மட்டும் ஏழு தடவை எழுதியிருக்கிறேன்.

கல்லடிப்பாலம்

அப்போ நான் சொன்னதுதானே! விளம்பரத்தை நிறுத்தலாம்.

அக்கரைப்பற்றான்

அப்படிச் சொல்ல முடியாது அண்ணன். லிங்க் அனுப்பிய மச்சாளுக்கு முதலில் எங்கிருந்து தெரிந்தது? அது விளம்பரமாக இருக்கலாம். விளம்பரத்தில் வந்தவர் முகவரியைப் பிரதி எடுத்தால் அதன் வாலில் விளம்பர அடையாளமும் ஒட்டிக்கொண்டு போகும். அந்த லிங்க்கில் வட்ஸ்அப் வழியாக வருகிறவர்களும் பேஸ்புக் கணக்கில் விழுவார்கள். ஆக, பேஸ்புக் எண்ணும் கூடலாம், குறையலாம்.

மருதமுனைத்தறி

மூன்று வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரியாதா?

அக்கரைப்பற்றான்

மாதம் 46 ஓடரில் தெரியாது. ஒரு கல்யாணக் குரூப் வந்தால் ஆறு ஓடர் கூடுகிறது என்று நீங்களே கண்டீர்கள். நிறுத்திய வாரங்களில் ஆறு குறைந்தால், அது விளம்பரம் இல்லாததாலா, கல்யாணம் இல்லாததாலா? பெருநாள் கிட்ட வந்தால் இன்னும் குழம்பும். ஓடரை விட்டுவிட்டு `WhatsApp/` வரிகளையும் பெயர்த் தேடலையும் பாருங்கள், அவை எண்ணிக்கையில் கூட. விளம்பரம் நின்ற பிறகு அவையும் மெதுவாக இறங்கினால் ஒரு சைகை. அதற்கு மேல் என்னாலும் உறுதி சொல்ல முடியாது.

மருதமுனைத்தறி

சரி காக்கா. விளம்பரக் காசைப் பாதியாக்கிவிட்டு, இரண்டாம் கேள்வியும் சேர்க்கிறேன்: "உங்களுக்கு அனுப்பினவ எங்களை எப்படிக் கண்டாவாம்?" பெருநாள் முடிந்து ஒரு மாதம் எழுதிவிட்டு எண்களை இங்கே போடுகிறேன்.