மொத்தத்தில் புது விளம்பரம் முன்னுக்கு, போனிலும் கொம்பியூட்டரிலும் தனித்தனியாப் பின்னுக்கு. எதை நம்புறது?

பனம்பொதி:
வணக்கம். பனங்கட்டி, ஒடியல் மா, பனாட்டு எல்லாம் சேர்த்துப் பொதி கட்டி யாழ்ப்பாணத்துக்குள்ள வீடுவீடாக் குடுக்கிற ஒரு இணையக் கடையின்ர கூகிள் விளம்பரக் கணக்கைப் பாக்கிறன். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி நாலு கிழமை பழைய கம்பெய்னும் வாசகம் மாத்தின புதுக் கம்பெய்னும் ஒரே நேரத்தில ஓடினது. சனம் தேடுற சொல்லுக்குக் காட்டுற தேடல் விளம்பரம், ஏலத்தொகையை நாங்களே கையால போடுறது. கணக்குக்கு வசதியா எண்களைக் கிட்டத்தட்ட முழுசாக்கியிருக்கிறன்:

| | பழையது: கிளிக் | ஓடர் | வீதம் | புதியது: கிளிக் | ஓடர் | வீதம் |
|---|---|---|---|---|---|---|
| போன் | 8,000 | 160 | 2.0% | 3,000 | 54 | 1.8% |
| கொம்பியூட்டர் | 2,000 | 120 | 6.0% | 7,000 | 371 | 5.3% |
| மொத்தம் | 10,000 | 280 | 2.8% | 10,000 | 425 | 4.25% |

மொத்தத்தைப் பாத்த முதலாளி பழையதை நிப்பாட்டச் சொல்லுறார். `Segment` போய் `Device` ஆல பிரிச்சாப் புதியது ரெண்டிலயும் தோக்குது. டேப்லெட் கிளிக் கைவிரல்ல எண்ணக்கூடிய அளவு, அதை விட்டிட்டன். எங்க பிழை?

சுன்னாகம்சந்தி:
போன் பக்கத்தில ஓடர் எண்ணுற கோட் வேலை செய்யேல்லைப் போல. போனில ஓடர் முடிஞ்சு நன்றிப் பக்கம் வரேக்குள்ள டாக் ஓடுதோ எண்டு முதல்ல பாருங்கோ. பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

பனம்பொதி:
பாத்தன் அண்ணை. கடைக் கணக்கில இருக்கிற ஓடரோட பொருந்துது. டாக் பிழையெண்டால் ரெண்டு கம்பெய்னுக்கும் சேர்த்தெல்லோ பிழைக்கும்? போன் வரி மட்டும் ரெண்டிலயும் குறையும், ஆனா கொம்பியூட்டரிலயும் புதியது ஏன் பின்னுக்கு?

கணக்குவாத்தி:
பிழை ஒண்டும் இல்லை, கூட்டலும் சரி. இதுக்குச் சிம்ப்சன் முரண் எண்டு பேர். சிம்ப்சன் எழுதினது 1951 இல, யூல் 1903 இலயே இதைச் சுட்டிக்காட்டிட்டார். புள்ளிவிவர வகுப்பில எல்லாருக்கும் காட்டுறது சிறுநீரகக் கல் கணக்கு, 1986 இல வந்தது: வெட்டிச் செய்யிற சத்திரசிகிச்சை 350 பேரில 273 பேருக்குச் சரிவந்தது, 78%. துளைபோட்டு எடுக்கிறது 350 இல 289, 83%. ஆனால் சின்னக் கல்லில வெட்டுறது 93%, துளைக்கிறது 87%. பெரிய கல்லிலயும் 73 க்கு 69. ஆக எப்பவும் பிரிச்ச கணக்கைத்தான் நம்ப வேணும். புதியதை நிப்பாட்டுங்கோ தம்பி.

ஓடைக்கரை:
வாத்தியார் சொன்ன எடுத்துக்காட்டுப் பொருத்தமானது, ஆனால் "எப்பவும்" எண்ட சொல்லில் நான் உடன்படமாட்டேன். கல் பெரிசா சின்னதா எண்டது சிகிச்சைக்கு முந்தியே இருக்கிற விஷயம். பெரிய கல்லை வைத்தியர்கள் வெட்டுற பக்கமே கூடுதலா அனுப்பினார்கள். அதனால்தான் அங்கே பிரிச்சுப் பார்ப்பது சரி. இங்கே ஆட்களைப் போன் பக்கமும் கொம்பியூட்டர் பக்கமும் பிரிச்சது எது? அது தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் மொத்த எண் எப்படி ஏமாற்றுது எண்டு பாருங்கோ. மொத்த வீதம் எண்டது போன் வீதத்துக்கும் கொம்பியூட்டர் வீதத்துக்கும் இடையில் எங்கேயோ விழும். எந்தப் பக்கம் கிளிக் கூடவோ அந்தப் பக்கம் இழுபடும். பழையதில் பத்தில் எட்டுக் கிளிக் போன், அதனால் 2.8 எண்டு 2 க்குக் கிட்ட நிற்குது. புதியதில் பத்தில் ஏழு கொம்பியூட்டர், அதனால் 4.25 எண்டு 5.3 பக்கம் ஏறிட்டுது. விளம்பரம் நல்லா வேலை செய்ததால் ஏறவில்லை, நல்லா வாங்கிற பக்கத்துக்குக் கூடுதலாப் போனதால் ஏறியது.

ரெண்டையும் ஒரே கலவையில் வைச்சுப் பார்க்கலாம். ரெண்டு கம்பெய்னையும் சேர்த்தால் போன் 11,000, கொம்பியூட்டர் 9,000. ஷீட்டில் B2:B3 இல் அந்த ரெண்டு எண், C2:C3 இல் பழைய வீதங்கள், D2:D3 இல் புதிய வீதங்கள் போடுங்கோ:

```
=SUMPRODUCT($B$2:$B$3, C2:C3)/SUM($B$2:$B$3)
```

அதை வலப்பக்கம் இழுத்தால் D க்கும் வரும். பழையது 3.8%, புதியது கிட்டத்தட்ட 3.4%. முன்னுக்கு நிண்டது பின்னுக்குப் போயிட்டுது.

இனி என் கேள்வி. கிளிக்கை விடுங்கோ, விளம்பரம் காட்டப்பட்ட தடவைகள், அதாவது `Impr.` நிரல், சாதனவாரியா எவ்வளவு? ரெண்டு கம்பெய்னிலும் `Devices` பக்கத்தில் `Bid adj.` என்ன?

பனம்பொதி:
பழையது: போனில 163,000 தடவை, கொம்பியூட்டரில 44,000. புதியது: போனில 66,000, கொம்பியூட்டரில 148,000. `Bid adj.` பாத்தன். பழையதில ஒண்டும் இல்லை. புதியதில போனுக்கு −60% கிடக்கு. நான் போடேல்லை, எனக்கு முதல் இருந்தவர் போட்டிருக்க வேணும்.

ஓடைக்கரை:
அப்ப முடிச்சு அங்கேதான். போனில் ஏலத்தொகையை 60% குறைச்சதால் அங்கே விளம்பரம் பல ஏலத்தில் தோற்று, குறைவாத்தான் காட்டப்பட்டிருக்கு. காசு கொம்பியூட்டர் பக்கம் ஓடியிருக்கு. காட்டப்பட்ட கட்டத்திலேயே பங்கு மாறிட்டுது: பழையதில் 79% போன், புதியதில் 31%. ஆனால் காட்டினவரில் கிளிக் செய்தவர் நாலு பெட்டியிலும் 4.5 இலிருந்து 4.9% க்குள்ளேதான். அதாவது விளம்பர வாசகம் கொம்பியூட்டர்க்காரரைத் தனியா இழுக்கவில்லை. செட்டிங்தான் அவர்களிடம் கொண்டுபோனது. இப்படியெண்டால் வாசகத்தை ஒப்பிடப் பிரிச்ச கணக்குத்தான் சரி.

மறுபக்கமும் உண்டு. காட்டப்பட்ட பங்கு ரெண்டிலும் ஒண்டா இருந்து, கிளிக்கில் மட்டும் கொம்பியூட்டர் பக்கம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு வாசகம் செய்த வேலை. அதைப் பிரிச்சு நீக்கினால் விளம்பரத்தின்ர பலனில் ஒரு பங்கை நாமே வெட்டி எறிஞ்சதாகும். அப்போது ஓடரைக் கிளிக்கால் வகுக்காமல் காட்டப்பட்ட தடவையால் வகுத்து மொத்தத்தைப் பார்க்கலாம்.

கணக்குவாத்தி:
"எப்பவும்" எண்டதை வாபஸ் வாங்குறன். ஆனால் காட்டப்பட்ட தடவையும் சுத்தமில்லைத்தானே? கூகிள் ஏலத்தில காசு மட்டும் இல்லை, விளம்பரத்தின்ர தரமும் கணக்கில வருது. நல்ல வாசகம் கூடுதலாக் காட்டப்படும்.

ஓடைக்கரை:
உண்மை. −60% போல ஒரு தெளிவான காரணம் கையில் அகப்படாவிட்டால் இந்தச் சோதனை ஒரு சாடைதான், தீர்ப்பில்லை.

தையலக்கா:
எனக்கும் இதே பிரச்சினை! பேஸ்புக்கில ரெண்டு படம் போட்டு பூஸ்ட் பண்ணினன். ஒண்டுக்கு மெசேஜ் கூட வருது, ஆனா ஆன்ட்ராய்டு, ஐபோன் எண்டு பிரிச்சா மற்றது நல்லம். நான் ஏலத்தொகை ஒண்டும் மாத்தேல்லை. அப்ப பிரிக்காம மொத்தத்தைப் பாக்கலாமோ?

ஓடைக்கரை:
இல்லை அக்கா, உங்கட வேறை. அங்கே யாருக்கு எந்தப் படம் காட்டுறது எண்டதை பேஸ்புக்கின் கணினி நிரல்தான் தெரிவுசெய்யுது. படத்தைப் பொறுத்து வேறை வேறை ஆட்களைத் தேடிப் போகும். ஆட்களைச் சமமாப் பிரிக்கிற A/B சோதனை போட்டாலும், ஒவ்வொரு பாதிக்குள்ளும் அது திரும்பவும் தனக்குப் பிடிச்சவர்களைத்தான் தேடும். எந்தப் படத்தில் போட்ட காசு கூட மெசேஜ் தருது எண்டு கேட்டால் மொத்தம் பதில் சொல்லும். எந்தப் படம் ஆட்களுக்குக் கூடப் பிடிக்குது எண்டு கேட்டால் ரெண்டு கணக்கும் சுத்தமாச் சொல்லாது.

பனம்பொதி:
அப்ப முதலாளியிட்ட "புதியது மோசம்" எண்டு சொல்லட்டோ?

ஓடைக்கரை:
அப்படியும் சொல்லாதேங்கோ தம்பி. "புதியது ஒண்டரை மடங்கு நல்லது" எண்ட பேச்சு விழுந்திட்டுது, அவ்வளவுதான். பழையதின் கொம்பியூட்டர் ஓடர் 120. இப்படியான எண்ணிக்கை தற்செயலாலேயே அதின் வர்க்கமூலம் அளவுக்கு ஆடும், இங்கே கிட்டத்தட்ட 11. ரெண்டு மடங்கு இடம் விட்டால் 98 இலிருந்து 142 வரை, வீதத்தில் 4.9 இலிருந்து 7.1%. புதியதின் 5.3 அதுக்குள்ளேயே கிடக்கு. போனில் 2.0 க்கும் 1.8 க்கும் உள்ள இடைவெளி இன்னும் மெல்லிசு. அதை நிச்சயமாச் சொல்ல ஒவ்வொரு பக்கமும் 75,000 கிளிக் அளவில் வேணும், கொம்பியூட்டரில் 17,000 அளவில். போன் கணக்கு இந்தக் கடைக்குக் கட்டாது.

வாசகத்தைச் சோதிக்க வேணுமெண்டால் `Experiments` இல் பாதி பாதியாப் பிரிச்சு, சாதன ஏலத்தொகை ரெண்டிலும் ஒண்டா வைச்சு, கொம்பியூட்டர் பக்கத்தை மட்டும் தீர்ப்புக்கு எடுங்கோ. தனித்தனிக் கம்பெய்னா ஓட விட்டால் இதே கதைதான் திரும்பும்.

சுன்னாகம்சந்தி:
இவ்வளவும் ஏன்? கொம்பியூட்டரில மூண்டு மடங்கு ஓடர் வருதெண்டால் பழையதுக்கும் −60% போட்டால் முடிஞ்சுது!

ஓடைக்கரை:
கிளிக் விலை தெரிஞ்சால் சொல்லலாம்.

பனம்பொதி:
பழையதில போன் கிளிக் சராசரி 28 ரூபா, கொம்பியூட்டர் 75.

ஓடைக்கரை:
28 ஐ 2% ஆல் வகுத்தால் போன் ஓடர் ஒண்டுக்கு 1,400 ரூபா. 75 ஐ 6% ஆல் வகுத்தால் 1,250. மூண்டு மடங்கு எண்டது பத்தில் ஒரு பங்காச் சுருங்கிட்டுது. −60% கட்டாயம் கூட. −10% போல வைச்சுப் பாருங்கோ. அதோட போனில் பார்த்திட்டு நேரே கடைக்கு வாற உள்ளூர்ச் சனம் இந்தக் கணக்கில் இல்லை.

கணக்குவாத்தி:
உள்ளூர் எண்டதும் ஒரு சந்தேகம். கொம்பியூட்டரில கார்ட் அடிக்கிறது கனடா, லண்டனில இருந்து வீட்டுக்குப் பொதி அனுப்பிற ஆக்களாயிருக்கலாம். அப்ப உண்மையில பிரிக்க வேண்டியது சாதனத்தாலயோ நாட்டாலயோ? நாட்டால பிரிச்சால் திரும்பவும் தலைகீழாகலாம்.

ஓடைக்கரை:
ஆகலாம். விளம்பரம் காட்டுறதுக்கு முந்தியே இருக்கிற, செட்டிங்கால் சாயக்கூடிய விஷயம் எண்டால் பிரிக்கலாம், நாடு அப்படியானதுதான். கிளிக்குக்குப் பிறகு நடக்கிறதால், உதாரணமா எத்தனை பக்கம் பார்த்தார் எண்டதால், பிரிக்கக் கூடாது. ஆனால் நாடு, சாதனம் ரெண்டாலும் சேர்த்துப் பிரிச்சால் சில பெட்டியில் பத்து ஓடர்கூட மிஞ்சாது.

பனம்பொதி:
நாட்டால பிரிச்சுப் பாத்தன். இலங்கை, கனடா, பிரித்தானியா மூண்டிலயும் பழையதுதான் கொஞ்சம் முன்னுக்கு. ஆனா சுவிஸில புதியது, 9 ஓடருக்கு 14. இதை எண்ணுறதோ விடுறதோ தெரியேல்லை. −60% ஐ −10% ஆக்கிட்டன், `Experiments` திங்கள் தொடங்கும்.

கணக்குவாத்தி:
9 க்கு 14 ஐ விடுங்கோ தம்பி. ரெண்டு குடும்பம் பொதி அனுப்பினாலே மாறிப்போகும்.