ரியல் ஆப்ஷன்: தமிழில் என்ன சொல்வது?

அனுப்புநர்: முத்துலட்சுமி

அனைவருக்கும் வணக்கம். வணிகவியல் முதுகலை மாணவர்களுக்கு முதலீட்டு முடிவுகள் பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு முதலீட்டைப் பிறகு செய்யலாம், செய்யாமலும் விடலாம் என்ற நிலையைக் குறிக்கும் ‘ரியல் ஆப்ஷன்’ என்பதற்கு நல்ல சொல் வேண்டும். பங்குச்சந்தைப் பக்கங்களில் ‘விருப்ப ஒப்பந்தம்’ என்று எழுதுகிறார்கள். தொழிற்சாலைக்கு அது பொருந்தவில்லை. இங்கே யாரோடும் யாரும் ஒப்பந்தம் போடுவதில்லையே.

சொல்லைச் சோதித்துப் பார்க்கப் பாடத்துக்காக நான் அமைத்த கணக்கைத் தருகிறேன். ஓசூர்ப் பக்கம் ஒரு நிறுவனம் மின்வண்டி மோட்டாருக்கு அலுமினிய உறை வார்க்கும் டை காஸ்டிங் ஆலை போட நினைக்கிறது. முதற்கட்டத்தில் நிலம், கொட்டகை, ஒரே ஒரு லைன். செலவு 20 கோடி. அந்த லைன் தரப்போகும் வரவின் இன்றைய மதிப்பு 18 கோடிதான். ஆக 2 கோடி நட்டம்.

இரண்டு ஆண்டு கழித்து, விரும்பினால், 30 கோடியில் இரண்டாம் கட்டம். வாங்குபவர் அடுத்த மாடலுக்கும் நம் உறையையே எடுத்தால் அது அப்போது 48 கோடி பெறும். எடுக்காவிட்டால் 18 கோடிதான். இரண்டுக்கும் சம வாய்ப்பு.

வழக்கமான முறையில் போட்டால், சராசரி 33 கோடியை ஆண்டுக்கு 12 சதவீதம் கழிவில் இன்றைக்குக் கொண்டுவந்தால் 26.3 கோடி. 30 கோடிச் செலவை, அது உறுதியான தொகை என்பதால், 7 சதவீதத்தில் கழித்தால் 26.2 கோடி. மிச்சம் 10 லட்சம். முதற்கட்ட நட்டத்தையும் சேர்த்தால் திட்டம் 1.9 கோடி நட்டம், போடாதே என்று கணக்கு சொல்லிவிடும். ஆனால் 18 கோடிதான் தேறும் என்று தெரிந்த பிறகும் யார் 30 கோடியைப் போடுவார்கள்? அந்த ‘போடாமல் இருக்கலாம்’ என்பதற்குத்தான் பெயர் தேடுகிறேன்.

அனுப்புநர்: யோகநாதன், யாழ்ப்பாணம்

வணக்கம் அம்மா. எங்கள் பக்கம் ‘தெரிவு’ என்ற சொல் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. ‘தெரிவுரிமை’ என்றால் என்ன? செய்யலாம், செய்யாமலும் விடலாம், கட்டாயம் கிடையாது என்பது ‘உரிமை’யில் வந்துவிடுகிறது. ‘விருப்பம்’ என்று போட்டால் முதலாளியின் ஆசை என்று வாசிப்பவர் விளங்கிக்கொள்வார்.

‘ரியல்’ என்பதை ‘மெய்’ என்று போடலாம்: மெய்த் தெரிவுரிமை.

அனுப்புநர்: கதிரேசன்

தெரிவுரிமை எனக்குப் பிடித்திருக்கிறது. ‘மெய்’ வேண்டாம். அப்படியானால் பங்குச்சந்தையில் இருப்பது பொய்யா என்று மாணவர் கேட்பார். 1977இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் அந்தப் பெயரை வைத்தபோது சொல்ல வந்தது, காகிதப் பத்திரம் அல்ல, ஆலை, இயந்திரம் போன்ற சொத்தின் மேல் உள்ள உரிமை என்பதைத்தான். ‘திட்டத் தெரிவுரிமை’ என்பது என் முன்மொழிவு.

கணக்கையும் முடித்துவிடலாம். நல்ல நிலையில் 48இல் 30 போக 18 கோடி. கெட்ட நிலையில் விலகிவிடுவோம், பூஜ்யம். சராசரி 9 கோடி. 12 சதவீதத்தில் கழித்தால் சுமார் 7.2 கோடி. முதற்கட்ட நட்டம் 2 கோடி போக 5.2 கோடி லாபம். அதே திட்டம், இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்து முடிவெடுத்தால், போடலாம் என்கிறது. காத்திருப்புக்கும் மதிப்பு உண்டு.

அனுப்புநர்: சண்முகம், கோவை

ஐயா, நான் வார்ப்பாலை நடத்துபவன். காத்திருந்தால் லாபம் என்று நீங்கள் எல்லாரும் சொல்வது எனக்கு ஒத்துவரவில்லை. பம்ப் உறைக்கு ஆர்டர் கையில் இருந்தபோதே, வட்டி இறங்கட்டும் என்று ஒரு வருடம் இரண்டாவது ஃபர்னஸைத் தள்ளிப்போட்டேன். இறங்கவும் செய்தது. அதற்குள் பக்கத்துப் பேட்டையில் ஒருவர் போட்டு ஆர்டரைக் கொண்டுபோய்விட்டார். காத்திருப்புக்கு மதிப்பு என்று பெயர் வைப்பதைவிட நட்டம் என்று வைப்பதுதான் சரி.

இன்னொன்று. முதற்கட்டம் கட்டும்போதே இரண்டாம் லைனுக்கு இடம் விட்டால் போதாது. கிரேன் ஓடும் தூணை 10 டன்னுக்குப் போட வேண்டும், மின்மாற்றி மேடையை இரட்டையாகக் கட்ட வேண்டும், கேபிள் பள்ளத்தில் காலி குழாய் விட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பிறகு ஓடும் ஆலையை நிறுத்திவிட்டுத் தூணை உடைப்பார்கள். அந்தச் செலவை முத்துலட்சுமி அம்மா 30 கோடிக்குள் சேர்த்தாரா?

அனுப்புநர்: மீனாட்சிசுந்தரம்

வங்கியில் திட்டக்கடன் மதிப்பீட்டில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கதிரேசன், வழி சரி, கழிவு விகிதம் சரியில்லை. இரண்டாம் கட்டத்தின் வரவுக்கு 12 சதவீதம் என்றால், அதன் மேல் உள்ள உரிமைக்கு அதே 12 பொருந்தாது. 33 கோடி என்ற சராசரிக்கு மேலும் கீழும் 15 கோடி ஆட்டம். உரிமையோ ஒன்று 18, இல்லாவிட்டால் பூஜ்யம். சராசரியோடு ஒப்பிட்டால் ஆட்டம் இங்கே மிக அதிகம். அதற்கு எத்தனை சதவீதம் என்று நேரடியாகச் சொல்ல முடியாது.

அதனால் சுற்றிப் போக வேண்டும். இன்றைய 26.31 கோடி 7 சதவீதத்தில் இரண்டு ஆண்டு வளர்ந்தால் 30.12 கோடி. 48, 18 ஆகிய இரண்டின் சராசரி 30.12 வர வேண்டுமானால் நல்ல நிலைக்கு எடை 50 அல்ல, சுமார் 40.4 சதவீதம். அந்த எடையில் 18 கோடியை எடுத்து 7 சதவீதத்தில் கழித்தால் 6.35 கோடி. அதாவது 7.2 அல்ல. 80 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். திட்டத்தின் மொத்த மதிப்பு 4.35 கோடி. இந்த 40 என்பது யாருடைய கணிப்பும் இல்லை, ஆபத்தை எடைக்குள்ளேயே அடக்கிவிட்ட எண். மாணவருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள் அம்மா, இல்லாவிட்டால் ‘வாய்ப்பு 50 என்றீர்கள், 40 எப்படி வந்தது’ என்று அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இன்றே இரண்டு கட்டத்துக்கும் கையெழுத்துப் போட்டால் 1.9 கோடி நட்டம். முடிவை இரண்டு ஆண்டு தள்ளினால் 4.35 கோடி. இடையில் உள்ள 6.25 கோடிதான் காத்திருப்பின் மதிப்பு.

சண்முகம் ஐயா சொல்வது இதற்கு எதிரானது இல்லை. அவர் கையில் ஆர்டர் இருந்தது. காத்திருந்த ஒவ்வொரு மாதமும் வரவு கைவிட்டுப் போனது. ஓசூர்க் கணக்கில் அடுத்த மாடலுக்கு ஆர்டரே இல்லை, அதனால் இரண்டாம் லைனைத் தள்ளிப்போடுவதில் இழப்பு கிட்டத்தட்ட இல்லை. காத்திருப்பின் மதிப்பு என்பது தெரியவரும் செய்தியின் பயனிலிருந்து அந்த இழப்பைக் கழித்தது. இழப்பு பெரிதாக இருந்தால் உடனே போடுவதே சரி.

அனுப்புநர்: முத்துலட்சுமி

மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். காத்திருப்பு அவ்வளவு நல்லது என்றால் முதற்கட்டத்தையும் தள்ளிப்போடலாமே? 2 கோடி நட்டத்தை ஏன் ஏற்க வேண்டும்?

சண்முகம் ஐயாவுக்கு: தூண், மேடை, காலிக் குழாய் எல்லாவற்றுக்கும் 80 லட்சம் என்று முதற்கட்டத்தின் 20 கோடிக்குள் சேர்த்திருக்கிறேன்.

அனுப்புநர்: மீனாட்சிசுந்தரம்

அந்த 80 லட்சம்தான் உரிமையின் விலை. அதைச் சிக்கனம் என்று வெட்டினால் முதற்கட்ட நட்டம் 1.2 கோடியாகக் குறையும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 6.35 கோடி பெறும் உரிமை கைவிட்டுப் போகும். தணிக்கையில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். செய்தி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அலுமினிய விலை, வரிக் கொள்கை போன்றவை நாம் ஆலை போட்டாலும் போடாவிட்டாலும் தானாகத் தெரியவரும். அவற்றுக்காகச் சும்மா காத்திருக்கலாம். ஆனால் வாங்குபவர் நம் உறையை ஏற்பாரா என்பது, லைன் ஓடி, மாதிரி அனுப்பி, காற்றுக்குமிழ்ச் சோதனையில் தேறி, வீணாகும் உறைகளின் விகிதம் இறங்கிய பிறகுதான் தெரியும். வெளியே நின்று எத்தனை வருடம் காத்தாலும் அந்தச் செய்தி வராது. 2 கோடி நட்டம் அந்தச் செய்திக்குக் கொடுக்கும் விலை.

எச்சரிக்கை ஒன்று. 48, 18 என்பதற்குப் பதில் 36, 30 என்று வைத்துப் பாருங்கள். சராசரி அதே 33தான். ஆனால் கெட்ட நிலையிலும் போட்ட 30 திரும்புகிறது, விலக வேண்டிய அவசியமே இல்லை. உரிமையின் மதிப்பு 10 லட்சத்துக்கு இறங்கிவிடும், திட்டம் மறுபடி நட்டம். ஆக எல்லாம் அந்த இடைவெளியில் நிற்கிறது, அந்த இடைவெளியைச் சந்தை நமக்குச் சொல்வதில்லை. திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டு வருபவர் 48ஐ 55 ஆக்கிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம்.

அனுப்புநர்: கதிரேசன்

விகிதத்தை ஏற்கிறேன் ஐயா. ஆனால் இங்கே 48ஐயும் 18ஐயும் போல ஆடும் பங்கு எதுவும் சந்தையில் இல்லை. பிறகு 40 சதவீதம் என்ற எடைக்கு என்ன ஆதாரம்? இயற்கை எரிவாயு, செம்புச் சுரங்கம் என்றால் விலை தெரியும். மோட்டார் உறைக்கு?

அனுப்புநர்: மீனாட்சிசுந்தரம்

நியாயமான கேள்வி. திட்டமே பங்காகச் சந்தையில் விற்றால் 26.3 கோடிக்குப் போகும் என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. பலர் ஏற்கிறார்கள், நான் முழுதாக ஏற்றதில்லை. அதனால் 6.35 என்ற எண்ணை அப்படியே நம்பாமல், இடைவெளி எவ்வளவு சுருங்கினால் முதற்கட்டத்தின் 2 கோடி நட்டம் தேறாமல் போகும் என்று பார்ப்பேன்.

இன்னொன்று கேட்பேன்: எந்த அடையாளம் கண்டால் நிறுத்துவீர்கள்? அடுத்த மாடல் ஆர்டர் கடிதம் இந்தத் தேதிக்குள் வராவிட்டால் இரண்டாம் கட்டம் இல்லை என்று நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பில் இன்றே எழுதச் சொல்வேன். எழுத மறுத்தால் அவர்களிடம் உரிமை இல்லை, இரண்டு தவணையில் செய்யும் ஒரே முடிவுதான் இருக்கிறது.

அனுப்புநர்: சண்முகம், கோவை

இரண்டாம் லைன் மெஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டாலும் அதே கதைதான் ஐயா. முன்பணம் போன பிறகு யாரும் நிறுத்த மாட்டார்கள். அப்புறம், தொழிற்பேட்டை மனை என்றால் ஒதுக்கீட்டு ஆணையில் இத்தனை காலத்துக்குள் கட்ட வேண்டும் என்று இருக்கும். அதுவரைதான் உங்கள் காத்திருப்பு.

அனுப்புநர்: யோகநாதன், யாழ்ப்பாணம்

அதற்கு ‘உரிமைக் கெடு’ என்று போடலாம். இரண்டாம் கட்டம் போடுவதற்கு ‘விரிவாக்கத் தெரிவுரிமை’, தள்ளிவைப்பதற்குத் ‘தாமதத் தெரிவுரிமை’, இடையில் விற்றுவிட்டு வெளியேறுவதற்குக் ‘கைவிடல் தெரிவுரிமை’. ஆனால் ‘திட்டத் தெரிவுரிமை’ எனக்கு இன்னும் நெருடுகிறது. பல திட்டங்களில் எதைத் தெரிவு செய்வது என்று பொருள்பட்டுவிடும்.

அனுப்புநர்: முத்துலட்சுமி

‘தாமதம்’ என்றால் தவறு செய்தது போல ஒலிக்கிறது, ‘தள்ளிவைப்புத் தெரிவுரிமை’ என்று எடுத்துக்கொள்கிறேன். தெரிவுரிமை, உரிமைக் கெடு, காத்திருப்பின் மதிப்பு மூன்றையும் பாடக்குறிப்பில் சேர்த்துவிட்டேன். கழித்து வரும் நிகரத் தொகைக்கே ‘காத்திருப்பின் மதிப்பு’ என்ற பெயர் என்றும், கைவிட்டுப் போகும் வரவுக்குக் ‘காத்திருப்பு இழப்பு’ என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். சண்முகம் ஐயாவின் ஃபர்னஸ் கதையை, அவர் அனுமதித்தால், இரண்டாவதற்கு எடுத்துக்காட்டாகச் சேர்ப்பேன். ‘ரியல்’ மட்டும் நிற்கிறது. ‘மெய்’, ‘திட்ட’ இரண்டுக்கும் எதிர்ப்பு இருப்பதால் ‘சொத்துசார் தெரிவுரிமை’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். யாருக்காவது உறுத்தினால் சொல்லுங்கள்.